மில்கா சிங் ரோமில் ஓடியது: சுவரில் எழுதும் முன் அறிக்கையைப் பார்த்த அனுபவம்

மண்டபம் உடற்கல்வி ஆசிரியர்

எங்கள் பள்ளி மைதானத்துச் சுற்றுச்சுவரில் விளையாட்டு வீரர்களின் படம் வரைந்து, கீழே இரண்டு வரி எழுதுவது என்று முடிவானது. மில்கா சிங் படத்துக்கு வந்த வாசகம் இது: "1960 ரோம் ஒலிம்பிக்கில் முன்னணியில் ஓடி, திரும்பிப் பார்த்ததால் பதக்கத்தை இழந்தவர். ஒலிம்பிக் சாதனையை முறியடித்தவர்." நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதைதான். உப்புக்காற்றில் பெயிண்ட் சீக்கிரம் உரிந்துவிடும், ஆனால் பிள்ளைகள் மனதில் பதிந்தது உரியாது. அதனால் எழுதும் முன் ரோம் போட்டியின் அதிகாரபூர்வ அறிக்கையைத் தேடிப் பார்த்தேன்.

ஒவ்வொரு ஒலிம்பிக்கும் முடிந்தபின் ஏற்பாட்டுக் குழு ஓர் அறிக்கை வெளியிடும். ரோமுக்கு இரண்டு தொகுதிகள். முதலாவது ஏற்பாடுகளைப் பற்றியது, இரண்டாவதில்தான் முடிவுகள். LA84 என்ற அமெரிக்க விளையாட்டு நூலகத்திலும் ஒலிம்பிக் நூலகத்தின் இணையதளத்திலும் இலவசமாகவே படிக்கலாம். பழைய தாள்களை ஸ்கேன் செய்திருப்பதால் பெயரைத் தட்டித் தேடினால் பல நேரம் கிடைக்காது. பழைய அறிக்கைகளில் குடும்பப் பெயர் முன்னால் வருவதும் உண்டு. நான் முதலில் 400 மீட்டர் பகுதிக்குப் போய், அங்கிருந்து ஹீட் என்கிற முதல் சுற்று, காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று வரிசையாகக் கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன்.

செப்டம்பர் 6-ஆம் தேதி இறுதி ஓட்டம். ஓடியவர்கள் ஆறு பேர். ஓடிஸ் டேவிஸ் 44.9, கார்ல் காஃப்மான் 44.9, மால்கம் ஸ்பென்ஸ் 45.5, மில்கா சிங் 45.6. நான்காம் இடம் என்பதில் சந்தேகமே இல்லை.

சாதனை விஷயம்தான் இடறியது. 1952 ஹெல்சிங்கியில் வந்த ஒலிம்பிக் சாதனை 45.9. மில்காவின் 45.6 அதைவிட வேகம், அதனால் "முறியடித்தார்" என்கிறார்கள். ஆனால் ரோமிலேயே அரையிறுதியில் டேவிஸ் 45.5 ஓடிவிட்டார். இறுதி ஓட்டத்துக்குத் துப்பாக்கி வெடித்தபோது நின்ற சாதனை 45.5. இறுதி ஓட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

இப்போது எனக்குள்ள சிக்கல் ஒரு மாணவி கேட்டது. 1998-ல் பரம்ஜித் சிங் 45.70 ஓடி மில்காவின் தேசிய சாதனையை முறியடித்தார் என்று படித்திருக்கிறாள். "சார், 45.6-ஐ விட 45.70 மெதுவாச்சே, அது எப்படி முறியடிச்சதாகும்?" என்றாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன் ஓட்டக்காரன்

சார், அறிக்கையில் இருக்கிற 45.6 தப்பு. சரியான நேரம் 45.73. இணையத்தில் எல்லா இடத்திலும் அதுதான் இருக்கிறது. பழைய காலத்து அச்சுப் பிழையாக இருக்கும். சுவரில் 45.73 என்றே எழுதுங்கள். அப்புறம் அவர் முன்னணியில் இருந்தது உண்மை, நான் வீடியோவில் பார்த்திருக்கிறேன். வளைவில் அவர்தான் முன்னால் தெரிகிறார்.

கீழக்கரை டைம் கீப்பர்

மாவட்டப் போட்டிகளில் ரொம்பக் காலம் ஸ்டாப் வாட்ச் பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தம்பி, 45.73 சரிதான். ஆனால் 45.6-உம் பிழை இல்லை. இரண்டும் ஒரே ஓட்டத்தை இரண்டு விதமாக அளந்தது.

1960-ல் அதிகாரபூர்வ நேரம் என்பது ஆட்கள் கையில் வாட்ச் பிடித்து எடுத்தது. பத்தில் ஒரு பங்கு விநாடி வரைதான் எழுதுவார்கள். அதே ஓட்டத்தைக் கருவியும் நூறில் ஒரு பங்கு வரை பதிவு செய்தது, ஆனால் அன்றைக்கு அது அதிகாரபூர்வம் இல்லை. கருவி துப்பாக்கியோடு சேர்ந்தே ஓட ஆரம்பிக்கும். நாம் முடிவுக்கோட்டில் நின்று தூரத்தில் புகையைப் பார்த்து அழுத்துவோம். கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் கொஞ்சம் தாமதம் ஆகிவிடும். முடிவில் ஆள் கோட்டை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் அந்த அளவு தாமதம் வராது. அதனால் கைவாட்ச் நேரம் பெரும்பாலும் குறைவாகவே வரும்.

நீங்கள் கொடுத்த முடிவையே எடுத்துக்கொள்ளுங்கள். டேவிஸ் கையில் 44.9, கருவியில் 45.07. காஃப்மான் கையில் அதே 44.9, கருவியில் 45.08. ஸ்பென்ஸ் 45.5, 45.60. மில்கா 45.6, 45.73. வித்தியாசம் ஒருவருக்கு 0.10, இன்னொருவருக்கு 0.17 என்று மாறுகிறது பாருங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் வாட்ச் பிடித்தவர்கள் வேறு. அதனால் இவ்வளவு கூட்டினால் சரியாகிவிடும் என்று ஒரே கணக்குப் போட முடியாது.

மாணவிக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. பரம்ஜித்தின் 45.70 கருவி நேரம். அதை மில்காவின் கருவி நேரமான 45.73-ஓடுதான் ஒப்பிட வேண்டும். 45.6-க்குப் பக்கத்தில் 45.70-ஐ வைத்தால் எந்தக் குழந்தைக்கும் குழப்பம்தான் வரும். கேட்ட பிள்ளை கெட்டிக்காரி.

ஒரு நேரத்தில் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒரே இலக்கம் இருந்தால் முதலில் கைவாட்சாக இருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். இரண்டு இலக்கம் இருந்தால் பெரும்பாலும் கருவி.

ஏர்வாடி அப்பா

இங்கே சர்வதேச போட்டி பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். என் மகன் சிலம்பத்தில் வெளிநாடு போய் தங்கம் வாங்கி வந்திருக்கிறான். பயிற்சியாளர் இதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார். எந்த அதிகாரபூர்வ அறிக்கையில் அவன் பெயர் வரும்?

கீழக்கரை டைம் கீப்பர்

மகனுக்கு வாழ்த்துகள். ஆனால் நாங்கள் பேசுவது ஒலிம்பிக், ஆசியப் போட்டி மாதிரியானவை. ஆசியப் போட்டியில் சிலம்பம் கிடையாது. வெளிநாட்டில் நடந்ததாலேயே ஒரு போட்டி ஒதுக்கீட்டுக்கு ஏற்றதாகிவிடாது. அங்கீகரிக்கப்பட்ட தேசிய சம்மேளனம் இந்திய அணியாக அனுப்பியதா, அதற்கான படிவத்தில் அவர்கள் கையெழுத்துப் போட்டுத் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். கோப்பையும் படமும் மட்டும் போதாது.

தொண்டி நூலகர்

கதை எப்படிப் பெருகும் என்பதற்கு இதே வீரரிடம் இன்னொன்று உண்டு. ரோமுக்கு முன்னால் பிரான்சில் 45.8 ஓடி உலக சாதனை படைத்தார் என்று சொல்வார்கள். ஆனால் 1956-லேயே லூ ஜோன்ஸ் 45.2 ஓடியிருந்தார். அப்படியிருக்க 45.8 எப்படி உலக சாதனை ஆகும்? யாராவது "உலக சாதனை" என்று சொன்னால் அந்த நாளில் நின்ற சாதனை எது என்று பார்த்தாலே போதும், பாதிக் கதை அங்கேயே நின்றுவிடும்.

இதற்கு நேர்மாறாக, கதையில் விட்டுப்போனதும் அறிக்கைகளில் கிடைக்கும். 1958 கார்டிஃப் காமன்வெல்த் போட்டியில் அவர் வாங்கிய தங்கத்தை எல்லோரும் 400 மீட்டர் என்றே எழுதுகிறார்கள். அங்கே நடந்தது 440 கெஜம். அது 402 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், நேரம் 46.6. அந்த ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவர் யார் தெரியுமா? ரோமில் வெண்கலம் வாங்கிய அதே ஸ்பென்ஸ். கார்டிஃபில் தோற்கடித்த ஆளிடம்தான் ரோமில் பதக்கத்தை விட்டிருக்கிறார். திரும்பிப் பார்த்த கதையை விட இது என்னை அதிகமாகப் பாதித்தது, ஆனால் யாரும் சொல்வதில்லை.

தேவிபட்டினம் மருமகன்

எங்கள் மாமா ஆசியப் போட்டிக்குப் போனவர் என்று குடும்பத்தில் சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். வாலிபால். இந்திய அணியின் பிளேஸர்கூட பீரோவில் இருக்கிறது. முடிவுப் பக்கத்தில் பார்த்தால் அவர் பெயர் இல்லை. அத்தையிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. அறிக்கை தவறாக இருக்க வாய்ப்பு இல்லையா காக்கா?

கீழக்கரை டைம் கீப்பர்

அறிக்கையிலும் பிழை வரும், எழுத்துப்பிழை நிறையவே வரும். ஆனால் முதலில் எந்தப் பட்டியலைப் பார்த்தீர்கள் என்று யோசியுங்கள். பெயர் கொடுக்கப்பட்டவர் பட்டியல் வேறு, களத்தில் இறங்கியவர் பட்டியல் வேறு. குழு விளையாட்டில் அணியோடு போய் ஒரு ஆட்டத்திலும் இறங்காதவர் உண்டு. பயிற்சி முகாம் வரை போய் கடைசிப் பட்டியலில் வராதவரும் உண்டு. பிளேஸர் எந்தக் கட்டத்தில் கொடுத்தார்கள் என்று அத்தையிடமே கேட்டுப் பாருங்கள். அன்றைய செய்தித்தாளில் அணி அறிவிப்பு வந்திருக்கும், அதையும் தேடுங்கள். பெயர் இல்லை என்பதால் மாமா பொய் சொன்னார் என்று ஆகாது.

மில்காவுக்கே இது உண்டு. 1964 டோக்கியோவில் 400 மீட்டருக்கு அவர் பெயர் கொடுத்திருந்தார்கள், ஆனால் அவர் ஓடவில்லை. 4x400 தொடர் ஓட்டத்தில் மட்டும் ஓடினார். மக்கான் சிங், அம்ரித் பால், அஜ்மீர் சிங் ஆகியோரோடு சேர்ந்து ஓடிய அந்த அணி ஹீட்டில் நான்காவதாக வந்து வெளியேறியது. பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்தவர் "டோக்கியோவிலும் 400 மீட்டர் ஓடினார்" என்று எழுதிவிடுவார்.

பாம்பன் ஓட்டக்காரன்

நேரம் பற்றிச் சொன்னது புரிந்தது காக்கா. கைவாட்சில் ஓடிப் பழகியும் இது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் திரும்பிப் பார்த்தாரா இல்லையா? அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஓடியவரை விட அறிக்கைக்கு அதிகம் தெரியுமா?

கீழக்கரை டைம் கீப்பர்

முடிவு அட்டவணையில் இடமும் நேரமும்தான் இருக்கும். யார் தலையைத் திருப்பினார் என்று இருக்காது. அதனால் அட்டவணையைக் காட்டி அதை மறுக்கவும் முடியாது, உறுதி செய்யவும் முடியாது. ஓடியவருக்கு உள்ளே என்ன நடந்தது என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

"முன்னணியில் இருந்தார்" என்பது வேறு விஷயம். 400 மீட்டரில் வளைவைச் சரிக்கட்ட, வெளித் தடத்தில் நிற்பவரை முன்னால் நிறுத்தித்தான் தொடங்குவார்கள். கடைசி வளைவு முடிந்து நேர்த்தடத்துக்கு வரும்வரை கண்ணுக்கு முன்னால் தெரிபவர் முன்னால் இருக்கிறார் என்று அர்த்தம் இல்லை. வீடியோவில் வளைவில் பார்த்தேன் என்று சொன்னீர்கள், அங்கேதான் கண் ஏமாறும். நேர்த்தடத்தில் நுழையும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

பாம்பன் ஓட்டக்காரன்

பார்க்கிறேன். ஆனாலும் அவர் சொன்னதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

தொண்டி நூலகர்

யாரும் பொய் என்று சொல்லவில்லை தம்பி. "மில்கா சிங் சொன்னது" என்று எழுதலாம், "நடந்தது" என்று எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

மண்டபம் உடற்கல்வி ஆசிரியர்

எல்லோருக்கும் நன்றி. ஓவியரிடம் கொடுத்த வரி: "மில்கா சிங். 1960 ரோம் ஒலிம்பிக், 400 மீட்டர், 4-ஆம் இடம். கைவாட்ச் 45.6, கருவி 45.73. 1998 வரை தேசிய சாதனை." தலைமை ஆசிரியர் இரண்டு நேரம் எதற்கு என்றார். கேள்வி கேட்ட மாணவியையே கூப்பிட்டு விளக்கச் சொன்னேன். விளக்கினாள், அப்படியே எழுதச் சொல்லிவிட்டார்.

அடுத்தது பி.டி. உஷா படம். 1984 லாஸ் ஏஞ்சலஸ், 400 மீட்டர் தடை ஓட்டம், 55.42, வெண்கலம் வாங்கியவர் 55.41. இரண்டுமே கருவி நேரம் என்பதால் இந்த முறை நேரத்தில் தொல்லை இல்லை. அந்த இறுதி ஓட்டத்தில் முதல் தொடக்கம் செல்லாமல் போய் மறுபடி தொடங்கினார்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்க்க ஆசை. அதை அறிக்கையின் எந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.