பொருள்: கூட்டம் சனியா, ஞாயிறா? செயலி காட்டும் ‘இன்று’, ‘நேற்று’ பற்றி

டொராண்டோவிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை காலை 8 மணிக்குச் சங்கக் கூட்டத்தின் இணைப்பைத் திறந்து முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. செயலாளர் அண்ணன் அரட்டைக் குழுவில் போட்டது இதுதான்: “நாளை இரவு 8 மணி, சிங்கப்பூர் நேரம்.” வெள்ளி மதியம் அதைப் பார்த்தபோது மேலே ‘இன்று’ என்று இருந்தது. அங்கே இரவு 8 என்றால் இங்கே காலை 8. கணக்கில் பிழை இல்லை. சனிக்கிழமை எழுந்து மறுபடி பார்த்தேன், மேலே ‘நேற்று’ என்று மாறியிருந்தது. நேற்று போட்ட செய்தியில் நாளை என்றால் இன்றுதானே? பிறகு ஏன் கூட்டம் ஞாயிறு நடந்தது?

துபாயிலிருந்து:

தம்பி, செய்தி எல்லாம் சர்வரில்தான் இருக்கிறது. சர்வர் இருக்கும் நாட்டின் தேதியைத்தான் செயலி காட்டும். அதனால்தான் நமக்கெல்லாம் குழப்பம். நிறுவனத்துக்கு எழுதிப் போடலாம்.

சென்னையிலிருந்து:

எனக்கும் இதே கதைதான், சனி மாலை ஐந்தரைக்கு உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை எங்கள் பக்கம் சிக்னல் சரியில்லை. செய்தி தாமதமாக வந்ததால் தேதி மாறிவிட்டதோ?

லண்டனிலிருந்து:

அரட்டைச் செயலி எழுதும் வேலையில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துபாய் அண்ணன் சொன்னதில் பாதி சரி. சர்வரில் ஒரே ஒரு நேரம்தான் பதிவாகிறது. ஆனால் அது எந்த நாட்டின் தேதியும் இல்லை, வெறும் எண். 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி ஆயிற்று என்ற கணக்கு. செயலாளர் அண்ணன் அனுப்பியது சிங்கப்பூரில் ஜூன் 13, சனி, நள்ளிரவு தாண்டி 12.30. அந்தக் கணம் இப்படித்தான் பதிவாகும்:

```
1781281800
```

உலகம் முழுக்க இதே எண்தான் போகிறது. ‘இன்று’, ‘நேற்று’ என்ற தலைப்பை யாரும் அனுப்புவதில்லை. பார்க்கிறவரின் செல்பேசி, தன் நேர மண்டலத்தை வைத்து, பார்க்கும் அந்த நேரத்தில் அதைப் போட்டுக்கொள்கிறது. அந்தக் கணம் டொராண்டோவில் வெள்ளி மதியம் 12.30, லண்டனில் வெள்ளி மாலை 5.30, சென்னையில் வெள்ளி இரவு 10. மூன்று இடத்திலும் செய்தி வெள்ளிக்கிழமைக்குக் கீழே போய் உட்கார்ந்தது. சிங்கப்பூரில் அப்போதே சனி.

சிக்கல் இங்கேதான். தலைப்பு வாசிப்பவரின் நாளைச் சொல்கிறது. உள்ளே தட்டிய ‘நாளை’ எழுதியவரின் நாளைச் சொல்கிறது. இரண்டும் ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வருவதால் ஒரே ஆள் சொன்னது போலத் தெரிகிறது. அண்ணனுக்கு நாளை என்றால் ஞாயிறு. தம்பிக்கு, தலைப்பை நம்பியதால், சனி. மணியை மிகச் சரியாக மாற்றிக்கொண்டும் இருபத்து நான்கு மணி நேரம் முன்னதாக வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான். ‘சிங்கப்பூர் நேரம்’ என்ற குறிப்பு மணியைக் காப்பாற்றியது, கிழமையைக் காப்பாற்றவில்லை.

சனி காலை தலைப்பு ‘நேற்று’ என்று மாறியதும் தப்பான முடிவு இன்னும் உறுதியாகிவிட்டது. செயலி தலைப்பைத்தான் மாற்றும். உள்ளே இருக்கும் ‘நாளை’ அப்படியே நிற்கும்.

சென்னை மாமா, சிக்னலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எங்கள் செயலியில் செய்தி சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம்தான் காட்டப்படும். உங்கள் செல்பேசிக்கு அது இரண்டு மணி நேரம் கழித்து வந்தாலும் தலைப்பு வெள்ளிதான்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். செல்பேசி அமைப்பில் நேர மண்டலம் ‘தானாக’ என்று இருப்பதை எடுத்துவிட்டு, சிங்கப்பூர் என்று வைத்துவிட்டுச் செயலியை மூடித் திறங்கள். அதே செய்தி வெள்ளியிலிருந்து சனிக்கு நகர்ந்திருக்கும். அப்புறம் மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அலாரம் எல்லாம் தப்பாக அடிக்கும்.

மெல்போர்னிலிருந்து:

எனக்கு எந்தக் குழப்பமும் வரவில்லையே? சனி காலை பார்த்தேன், ‘இன்று’ என்று இருந்தது, ஞாயிறு இரவு 10 மணிக்குச் சரியாக வந்தேன். ஞாயிறு காலை என் தங்கைக்கும் அதை ஃபார்வர்டு செய்தேன். அவள் மட்டும் திங்கள் என்று நினைத்துவிட்டாள்.

லண்டனிலிருந்து:

அக்கா, சிங்கப்பூரில் சனி 12.30 என்றால் உங்களுக்குச் சனி 2.30. இரண்டு பேருக்கும் அன்று ஒரே கிழமை, அதனால் தப்பித்தீர்கள். அண்ணன் இரவு 11 மணிக்கு எழுதியிருந்தால் உங்களுக்கு மறுநாள் ஆகியிருக்கும், நீங்கள் ஒரு நாள் தள்ளி வந்திருப்பீர்கள்.

தங்கை விஷயம் வேறு. ஃபார்வர்டு செய்தால் அது புதுச் செய்தி, புது நேரம். முதலில் எழுதிய நேரம் கூடவே போகாது. பழைய ‘நாளை’ புதிய தலைப்புக்குக் கீழே போய்விடுகிறது. ஸ்கிரீன்ஷாட்டில் இன்னும் மோசம், ‘இன்று’ என்ற தலைப்பு படத்தோடு படமாக உறைந்துவிடும். என்று எடுத்தது, எந்த ஊரில் எடுத்தது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அறிவிப்பில் இன்று, நாளை வேண்டாம். “ஜூன் 14, ஞாயிறு, இரவு 8.00, சிங்கப்பூர்” என்று கிழமையும் தேதியும் சேர்த்துப் போடுங்கள். டிஸ்கார்டில் வைத்திருக்கும் இளைஞர் குழுவுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. செய்தியில் இப்படித் தட்டினால் அவரவர் நாள், நேரமாகவே ஒவ்வொருவருக்கும் தெரியும்:

```
<t:1781438400:F>
```

தம்பிக்கு இது ஞாயிறு காலை 8 என்று காட்டும், அக்காவுக்கு ஞாயிறு இரவு 10.

சிங்கப்பூரிலிருந்து, செயலாளர்:

இனி அப்படியே போடுகிறேன். இதோடு ஒட்டி இன்னொரு பிரச்சினை என் மேசையில் கிடக்கிறது. பொருளாளர் பதவிக்கு மனு அனுப்பக் கடைசி நாள் ஜூன் 12 என்றுதான் அறிவித்தோம். எந்த ஊர் நள்ளிரவு என்று சொல்லவில்லை. டொராண்டோவிலிருந்து ஒரு மனு எனக்கு 13ஆம் தேதி காலை 9 மணிக்கு வந்தது. ஆவணத்துக்காக அரட்டையைக் கோப்பாக எடுத்தேன், அதிலும் 13 என்றே இருக்கிறது. அனுப்பியவர் எடுத்த கோப்பில் 12, இரவு 9. இரண்டு கோப்பிலும் நேர மண்டலம் என்ன என்று ஒரு வரிகூட இல்லை. இதில் எது செல்லும்?

லண்டனிலிருந்து:

இரண்டும் உண்மையான கோப்புகள்தான், யாரும் திருத்தவில்லை. கோப்பை எடுக்கும் செல்பேசியின் நேரத்தில்தான் அது எழுதப்படுகிறது. ஆய்வு மாநாடுகளில் ஒரு வழக்கம் உண்டு: பூமியில் எங்காவது ஓர் இடத்தில் அந்தத் தேதி மிச்சம் இருக்கும்வரை ஏற்றுக்கொள்வார்கள். கடைசியாக நாள் முடியும் இடம் பொது நேரத்துக்கு 12 மணி நேரம் பின்னால் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஜூன் 12, சிங்கப்பூரில் 13ஆம் தேதி இரவு 8 மணிக்குத்தான் முடிகிறது. மனு செல்லும்.

துபாயிலிருந்து:

அறிவித்த பிறகு விதியைப் புதிதாகக் கொண்டுவருவதா? சங்கம் பதிவானது இந்தியாவில், அந்த நேரம்தான் கணக்கு. அப்படிப் பார்த்தாலும் மனு 13ஆம் தேதி காலை ஆறரைக்குத்தான் வந்திருக்கிறது, தள்ளுபடி செய்ய வேண்டியதுதான். தனிப்பட்ட முறையில் யார் மீதும் எனக்கு வருத்தம் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து, செயலாளர்:

இதை நான் தனியாக முடிவு செய்ய மாட்டேன், செயற்குழுவில் வைக்கிறேன். அதுவரை அந்த மனு நிலுவையில் இருக்கும். செயற்குழு ஜூன் 21, ஞாயிறு, இரவு 8.00, சிங்கப்பூர். இந்தியாவில் அதே ஞாயிறு மாலை 5.30, லண்டனில் மதியம் 1.00, டொராண்டோவில் காலை 8.00.