3 நாளாக "Processing changes": அடுத்து ரீசெட்டா, அன்லிங்க்கா?

விண்டோஸ் 11 லேப்டாப்பில் ஒன்ட்ரைவ். சிங்க் ஃபோல்டரில் சுமார் 40,000 ஃபைல்கள், 60 ஜிபி. திங்கட்கிழமை ஒரு ப்ராஜெக்ட் ஃபோல்டரை உள்ளே நகர்த்தியதிலிருந்து ஐகான் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 212 ஃபைல்கள் "Sync pending". எரர் எதுவும் வரவில்லை, அதுதான் தலைவலி.

முதலில் பாஸ் செய்து மீண்டும் ஓடவிட்டேன், பிறகு கிளையண்டை முழுதாக மூடித் திறந்தேன். டிஸ்கிலும் கிளவுடிலும் இடம் இருக்கிறது. பிரவுசரில் அதே கணக்கில் ஃபைல் ஏறுகிறது, ஆக நெட்டும் கணக்கும் சரி. எக்செல், அவுட்லுக் இரண்டையும் மூடிப் பார்த்தேன், ஏதாவது ஃபைலைத் திறந்து பிடித்து வைத்திருக்கலாம் என்று.

அடுத்து புது ஃபோல்டரை வெளியே காப்பி எடுத்துவிட்டு, பாதி பாதியாக நீக்கிச் சோதித்தேன். (உள்ளே நீக்கினாலும் வெளியே நகர்த்தினாலும் கிளவுடிலும் டெலீட் ஆகிவிடும், அதனால் முதலில் காப்பி, கவனம்.) கடைசியில் ஒரு சப்ஃபோல்டர் சிக்கியது: 6 ஜிபி பிஎஸ்டி ஃபைல், கூடவே 260 எழுத்தைத் தாண்டிய பாதைகள். அவற்றை எடுத்த பிறகு 212 என்பது 31 ஆனது, அதற்குமேல் அசையவில்லை. லோக்கல் டேட்டாபேஸே குழம்பியிருக்கும் என்பது என் ஊகம்.

அந்த 31-இல் இன்னும் கிளவுடுக்கு ஏறாத திருத்தங்கள் உள்ளன. அவற்றைத் தனியே காப்பி எடுத்துவிட்டேன். இப்போது நேராக ரீசெட் செய்யலாமா, இல்லை முதலில் கணக்கை அன்லிங்க் செய்து இணைப்பதுதான் சரியான வரிசையா?