பில் பெங்களூருக்கு, சரக்கு கோவைக்கு: எந்த வரி?

வணக்கம். ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களிடம் ஒரு சந்தேகம்.

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. ஒரு லட்சம் ரூபாய்க்குக் காடா துணி, வரி 5%. வாங்கியவர் பெங்களூர் வியாபாரி, பதிவும் கர்நாடகாவில்தான். ஆனால் சரக்கை கோவையிலுள்ள தன் வாடிக்கையாளருக்கு நேரே அனுப்பச் சொல்லிவிட்டார். லாரி மாநில எல்லையைத் தாண்டவில்லை என்று கடையில் சிஜிஎஸ்டி 2,500, எஸ்ஜிஎஸ்டி 2,500 போட்டுவிட்டார்கள்.

ஐஜிஎஸ்டி சட்டம் பிரிவு 10(1)(பி)படி, மூன்றாம் நபர் சொல்லி சரக்கு வேறொருவருக்குப் போனால், சொன்னவரின் முதன்மை வணிக இடமே விநியோக இடம். அதாவது கர்நாடகா, ஐஜிஎஸ்டி 5,000 போட்டிருக்க வேண்டும். மொத்தத் தொகை ஒன்றுதானே என்று விட முடியாது. தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டியை பெங்களூர்க்காரர் உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாதென்று பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். அவர் கேட்பது நியாயம்தான்.

ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டும் தாக்கலாகிவிட்டன. ஐஜிஎஸ்டியை இப்போது கட்டினால் வட்டி இல்லை, பழைய வரியைப் பிரிவு 77-ன்கீழ் இரண்டு ஆண்டுக்குள் திரும்பக் கேட்கலாம் என்பது தெரியும்.

கேள்வி இதுதான்: 9ஏ அட்டவணையில் விநியோக இடத்தைத் திருத்தினால் போதுமா? இல்லை, கிரெடிட் நோட் போட்டு புது பில் எழுதுவதே நல்லதா? இரண்டில் எதையாவது செய்து ரீஃபண்ட் வாங்கியவர்கள், அதிகாரி என்னென்ன ஆவணம் கேட்டார் என்றும் சொல்லுங்கள்.