பழைய பிபிடிகளை ஒன்றாக்கியபோது மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

கணக்குப்பிள்ளை
ஆண்டுக் கூட்டத்துக்காக நாலு கிளைகளின் பழைய பிபிடிகளிலிருந்து 31 ஸ்லைடு எடுத்து, கம்பெனியின் புது டெம்ப்ளேட்டில் ஒட்டினேன். எல்லாமே Use Destination Theme. ஒரே கை செய்தது போல வந்தது, எனக்கே பெருமை. கூட்டத்தில் ஒரு கிளையின் அட்டவணை வந்ததும் எம்.டி. நிமிர்ந்து உட்கார்ந்தார். "பரவாயில்லையே, தேறிட்டாங்களே!" என்றார். நட்டம் காட்டும் கட்டங்கள் அத்தனையும் பச்சை. அந்தக் கிளை மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிறகு தோண்டிப் பார்த்தேன். அது 2010 ஆபீஸில் செய்த பிபிடி. அதன் தீமில் Accent 2 சிவப்பு (C0504D), எங்கள் டெம்ப்ளேட்டில் Accent 2 பச்சை. கட்டத்துக்குள் இருந்தது சிவப்பே இல்லை, 'இரண்டாவது நிறம்' என்ற குறிப்புதான். புது வீட்டில் இரண்டாவதாக எது இருந்ததோ அது வந்து உட்கார்ந்துவிட்டது.

மீனா_கோவை
அதனால்தான் நான் எப்போதும் Keep Source Formatting. வந்தது வந்தபடி இருக்கும், வம்பே இல்லை.

ஸ்லைடு மாஸ்டர்
வம்பு வேறு இடத்தில் இருக்கிறது மீனா. View > Slide Master போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பிபிடியும் தன் மாஸ்டரை லேஅவுட்டோடு இழுத்து வந்திருக்கும். நாலு பிபிடி என்றால் நாலு லோகோ, நாலு விதத் தலைப்பு. ஒரே டெம்ப்ளேட் வேண்டும் என்பவருக்கு அது உதவாது.

கணக்குப்பிள்ளை சார், அர்த்தம் சுமக்கிற நிறத்தை மட்டும் ஒட்டுவதற்கு முன்பே மூலக் கோப்பில் More Colors போய் எண்ணாகக் கொடுத்துவிடுங்கள். அது மாறாது. மற்றதெல்லாம் தீம் நிறமாகவே இருக்கட்டும். எல்லாவற்றையும் எண்ணாக்கினால் இன்னொரு தொல்லை. கருநீல மாஸ்டர் மேல் யாரோ வெள்ளையை எண்ணாகக் கொடுத்து எழுதியிருப்பார்கள். மாஸ்டர் போய்விடும், வெள்ளை எழுத்து நிற்கும், வெள்ளைத் தாள் மேல். ஸ்லைடு காலியாகத் தெரிந்தால் Ctrl+A அழுத்துங்கள், மறைந்திருக்கும் பெட்டிகளின் ஓரம் தெரியும்.

மீனா_கோவை
எனக்கு ஒரே லோகோதான், ஒரே ஆபீஸ். எனக்கு உதவுகிறது.

வவுனியா ரீச்சர்
என்ர கதை வேற. எங்கட பள்ளிக்கூடத்துப் பழைய பாடங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடிச்சது. ஒட்டினபோது நல்லாத்தான் இருந்தது, தலைப்புகள் மட்டும் மேலும் கீழுமாய் நின்றன. Home-இல் Reset அழுத்தச் சொல்லி எங்கேயோ வாசித்தேன். எல்லா ஸ்லைடையும் தெரிவு செய்து ஒரே அழுத்து. தலைப்புகள் வரிசையில் வந்து நின்றன, ஆனால் தமிழைக் காணோம். கடைசி ஸ்லைடில் 'நன்றி' இருந்த இடத்தில் பெரிய எழுத்தில் ed;wp. பின்னால் நின்ற பிள்ளை அதைச் சத்தமாய் வாசிக்கப் பார்த்தது!

ஆபீஸ் கில்லாடி
சிம்பிள் டீச்சர். Home > Replace > Replace Fonts. பாமினியை எடுத்துவிட்டு லதாவைப் போடுங்கள், ஒரே நிமிடத்தில் முழு பிபிடியும் யூனிகோட் ஆகிவிடும். அப்படியே எழுத்துருவைக் கோப்புக்குள் பதித்து வையுங்கள். எதற்கும் ஒரு பிடிஎப் எடுத்து வையுங்கள், பென்டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று. பிரசன்டேஷன் அன்று அரை மணி முன்னால் போய்விடுங்கள். புரொஜெக்டர் கேபிளைச் சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது.

ஸ்லைடு மாஸ்டர்
கேபிள் வாங்கட்டும். எழுத்துருவை மாற்றினால் யூனிகோட் ஆகாது தம்பி. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், பாமினி அதன் மேல் தமிழ் முகத்தைப் போட்டிருந்தது. லதாவைப் போட்டாலும் ed;wp தான் தெரியும்.

ரீச்சர், Reset தலைப்பு, பாடம் மாதிரி லேஅவுட் பெட்டிகளில் கையால் போட்ட எழுத்துருவையும் நிறத்தையும் துடைத்துவிட்டு டெம்ப்ளேட்டில் உள்ளதைப் போடும். தனியாக வரைந்த டெக்ஸ்ட் பாக்ஸைத் தொடாது. அதனால் முதலில் பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவியில் போட்டு எடுங்கள், பிறகுதான் Reset. உடனே பார்த்திருந்தால் Ctrl+Z போதும்.

வவுனியா ரீச்சர்
சேமித்து மூடியாச்சு. நல்ல காலம், பழைய கோப்புகள் கிடக்கு. கருவியில் போட்டுப் பார்த்தேன், தமிழ் சரியாய் வருகுது. ஆனால் நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிப் போடுது. computer என்றிருந்தது இப்ப என்னவோ. அதைப் பிரித்துவிட வழி தெரிந்தவை சொல்லுங்கோ.

கணக்குப்பிள்ளை
ரீச்சர், எனக்கும் ஒன்று மிச்சம். அதே ஸ்லைடில் ஒரு வரைபடம் படமாக ஒட்டியிருந்தது, அது சிவப்பாகவே வந்தது. அட்டவணையில் பச்சை, பக்கத்துப் படத்தில் சிவப்பு. கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.