புதுப்பிப்பு: சிமுலேட்டரில் ஓடிய நிரல் போர்டில் ஓடாதது ஏன்?

என் கேள்வி: “பொத்தானை அழுத்தினால் மட்டும் எல்இடி எரிய வேண்டும். சிமுலேட்டரில் சரியாக இருக்கிறது. ஆர்டுயினோ ஊனோ போர்டில் தானாகவே மினுக்குகிறது. ஏன்?”

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பொத்தானின் ஒரு காலை 5 வோல்ட்டிலும் மறு காலை 2ஆம் பின்னிலும் மட்டுமே இணைத்திருந்ததால், அழுத்தாதபோது அந்தப் பின் எதனுடனும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது என்று முதலில் பதிலளித்தவர் சொன்னதே காரணம். சிமுலேட்டர் அதைப் பூச்சியமாகவே காட்டியது; போர்டிலோ கம்பியருகே விரலைக் கொண்டுபோனாலே எல்இடி துடித்தது. 5 வோல்ட்டில் இருந்த காலைத் தரைக்கு மாற்றி, நிரலை இப்படித் திருத்தினேன்:

```
pinMode(2, INPUT_PULLUP);
if (digitalRead(2) == LOW)
```

`INPUT_PULLUP` அழுத்தாதபோது பின்னை `HIGH` நிலையில் பிடித்துவைக்கும்; இப்போது அழுத்தினால் `LOW` வரும் என்பதை முதலில் மறந்து, அரைமணி நேரம் விழித்தேன்.

நிரல் போர்டில் ஏறவே இல்லாதிருக்கலாம் என்று, கணினியில் போர்ட்டைத் தேர்வதில் தமக்கு வந்த சிக்கலை நினைவுகூர்ந்து ஒருவர் எழுதினார். என் சிக்கல் அதுவன்று. பொத்தான் துள்ளல் என்றவர் பாதி சரி: மினுக்கலுக்கு அது காரணமில்லை, ஆனால் அழுத்தங்களை எண்ணத் தொடங்கியதும் ஓர் அழுத்தம் இரண்டு மூன்றாகப் பதிவானது. முதல் மாற்றத்துக்குப் பின் 20 மில்லிவினாடி காத்து மீண்டும் படித்தபோது அது பெரும்பாலும் நின்றது. எப்போதாவது வரும் கூடுதல் எண்ணிக்கைக்குக் காரணம் இன்னும் பிடிபடவில்லை.