புதுப்பிப்பு: பாம்பன் பாலத்தில் இழுக்காத கார்

“பாம்பன் பாலம் ஏறும்போது வண்டி முன்ன மாதிரி இழுக்கலை, ஸ்கேனர் P0325-னு எரர் கோடு காட்டுது. ஏன்?” என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

சரி, பிடிபட்டுவிட்டது. பெட்ரோல் தரம் மோசம் என்றார் ஒரு தம்பி. அதுவும் தட்டலை, அதாவது சிலிண்டருக்குள் கலவை தானாக வெடிப்பதை, உண்டாக்கும்தான். ஆனால் இந்த எரர் கோடு அந்தத் தட்டலைக் கேட்கும் நாக் சென்சாரின் சர்க்யூட்டைச் சொல்கிறது.

மண்டபத்து மெக்கானிக் அண்ணன் சென்சாரைக் கழற்றிக் காட்டினார். கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு, சென்சார் இன்ஜின் பிளாக்கில் உட்காரும் இடத்தில் உப்புத் துரு. பொறியின் தீ வந்து சேரும் முன்பே சிலிண்டர் ஓரத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை தானாக வெடித்தால் பிளாக் சுமார் 7,000 ஹெர்ட்ஸில் அதிரும். சென்சாருக்குள் இருக்கும் படிகம் அந்த அதிர்வை மின்னழுத்தமாக்கும். உடனே இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு, ஸ்பார்க் பிளக்கின் பொறியைச் சில டிகிரி தாமதிக்கும். அப்போது அழுத்தம் உச்சம் தொடுவதற்குள் பிஸ்டன் இன்னும் கீழே இறங்கியிருக்கும். அழுத்தமும் சூடும் குறைவதால் ஓரத்துக் கலவை தானாகப் பற்றாது. சென்சாரே செவிடானால்? பிஸ்டனைக் காப்பாற்ற ஈசியு பொறியை எப்போதும் தாமதமாகவே வைக்கும். என் இழுப்பு போனது அதனால்தான்.

சுத்தம் செய்து, போல்ட்டை 20 நியூட்டன் மீட்டரில் முடுக்கினார். எரர் கோடு போய்விட்டது. ஆனால் உச்சி வெயிலில் நாலு பேரோடு ஏறினால் பொறி இன்னும் 3 டிகிரி தாமதிப்பதாக ஸ்கேனர் காட்டுகிறது. சிலிண்டருக்குள் படிந்த கரியா, பெட்ரோலா என்று அடுத்து பார்க்கணும்.