கடைக்காரரிடம் போர்டு மாதிரியைக் காட்டினேன், முகம் மாறிவிட்டது. ஞாயிறன்று மறுபடி எப்படிக் காட்டுவது?

தொண்டியார்பேட்டை பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் போர்டு, பில் புக், விசிட்டிங் கார்டு டிசைன் செய்கிறேன். தனியாகத் தொழில் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. காசிமேடு பக்கம் வலை, கயிறு, மிதவை, எஞ்சின் ஆயில் விற்கும் ஒரு கடைக்குப் பெயர்ப்பலகை. 16 அடி அகலம், 3 அடி உயரம். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். இந்த வியாபாரத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. டிசைன் என்றால் மட்டும் பழக்கமில்லை.

போன வாரம் நாலு மாதிரி செய்து என் போனில் காட்டினேன். கடைப் பெயர் பெரிதாக, கீழே ஆங்கிலத்தில், அதற்குக் கீழே ஒரே வரியில் சரக்கு விவரம். கறுப்பும் சிவப்பும். அவர் பார்த்ததும் கேட்டது: "இன்னா தம்பி, இம்மாம் எடம் சும்மா காலியா கீது?" நான் ஒயிட் ஸ்பேஸ், ஹையரார்க்கி, கான்ட்ராஸ்ட் என்று விளக்க ஆரம்பித்தேன். இரண்டு நிமிடத்தில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மருமவன் வரட்டும், அவன் பார்த்துச் சொல்வான்" என்றார்.

மருமகன் வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பியிருக்கிறார். சரக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, மூன்று போன் நம்பர், ஒரு படகு, மறைந்த அப்பாவின் போட்டோ, பின்னால் கடல் அலை. கூட்டிப் பார்த்தால் எட்டு வரி வருகிறது. அதைச் செய்து கொடுத்துப் பணம் வாங்கிவிடலாம். ஆனால் அந்த போர்டை யாராலும் படிக்க முடியாது என்று எனக்குத் தெரிகிறது, அவருக்குப் புரியும்படி சொல்லத் தெரியவில்லை. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். என்ன கொண்டு போகட்டும், எதிலிருந்து பேச ஆரம்பிக்கட்டும்?

மின்ட் ஸ்டிக்கர்:

ஃப்ளெக்ஸ் போடாதீங்க, கடல் காத்துக்கும் வெயிலுக்கும் சீக்கிரம் வெளுத்துடும். ஏசிபி ஷீட்ல அக்ரிலிக் எழுத்து ஒட்டுங்க. பாதிப் பணம் முதல்லயே வாங்கிடுங்க.

தொண்டியார்பேட்டை பொடியன்:

அண்ணா, மெட்டீரியல் பேசி முடித்துவிட்டோம், ஏசிபிதான். என் சிக்கல் மாதிரியை அவருக்குப் புரியவைப்பதில்.

சதுர வட்டம்:

அவர் பேச்சிலேயே பேசு, அந்த ஒயிட் ஸ்பேஸ் எல்லாம் வாயிலேயே வரக்கூடாது. அப்புறம் ஒரு வழி இருக்கு. மூணு மாதிரி கொண்டு போ. மருமகன் சொன்ன எட்டு வரியை வேணும்னே அசிங்கமா செஞ்சு அதில் ஒண்ணா வை. பக்கத்தில் உன்னுது தானா நல்லா தெரியும்.

பழைய பிரஷ்:

சதுர வட்டம் முதலில் சொன்னது சரி. இரண்டாவதைச் செய்யாதே தம்பி. நான் இருபது வருடம் பிரஷ் பிடித்து போர்டு எழுதியவன், பிறகு கம்ப்யூட்டருக்கு மாறினேன். அசிங்கமாகச் செய்து காட்டியதை "இதுதான் நல்லா கீது" என்று எடுத்துக்கொண்ட கடைக்காரர்கள் எனக்கு மூன்று பேர். அதில் ஒரு போர்டு இன்னும் மூலக்கொத்தளம் பக்கம் தொங்குகிறது, அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மனசு சங்கடப்படும். மருமகன் கேட்டதை உன்னால் முடிந்த அளவு நன்றாகவே செய். நன்றாகச் செய்தும் அது தோற்றால்தான் அவர்கள் நம்புவார்கள்.

உன் முதல் தப்பு, போனில் காட்டியது. 16 அடி போர்டு போனில் ஆறு அங்குலம். அதைக் கையில் வைத்து ஒரு அடி தூரத்தில் பார்த்தால் எட்டு வரியும் படிக்க முடியும், உன் மாதிரி காலியாகத்தான் தெரியும். அவர் கண் பொய் சொல்லவில்லை. நீ காட்டிய பொருள்தான் வேறு.

கடை வாசலிலிருந்து எதிர்ப்பக்கம் எத்தனை அடி? அளந்து சொல்.

தொண்டியார்பேட்டை பொடியன்:

இன்று போய் அளந்தேன் அண்ணா. எதிர்ப்பக்கம் டீக்கடை வாசல் வரை 50 அடி.

பழைய பிரஷ்:

எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. பத்து அடி தூரத்துக்கு ஒரு அங்குல உயர எழுத்து இருந்தால் சிரமமில்லாமல் படிக்கலாம். 50 அடிக்கு 5 அங்குலம். இது இங்கிலீஷ் பெரிய எழுத்துக்கு வந்த கணக்கு. தமிழுக்கு நான் கொஞ்சம் கூடவே வைப்பேன். ண, ன, ள மூன்றும் சுழி அடைபட்டுப் போனால் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும். எழுத்தைத் தடிமனாக்கினால் சுழி இன்னும் அடையும், அதனால் தடிமன் எப்போதும் உதவாது.

இப்போது மருமகன் பட்டியலைப் போட்டுப் பார். 3 அடி என்றால் 36 அங்குலம். மேலும் கீழும் இரண்டிரண்டு விட்டால் 32. எட்டு வரி, ஒரு வரிக்கு 4 அங்குலம். அதில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் போக, எழுத்தின் உடம்புக்கு 2 அங்குலம்தான் மிஞ்சும். அதாவது 20 அடிக்குள் வந்தால்தான் படிக்கலாம். 20 அடிக்கு வந்தவன் கடைக்கே வந்துவிட்டான், அவனுக்கு எதற்கு போர்டு?

ஆனால் இந்தக் கணக்கை அவரிடம் சொல்லாதே, அது உனக்கு. அவருக்குப் பேப்பர். இரண்டு மாதிரியிலிருந்தும் ஒரே துண்டை நிஜ அளவில் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடு. ஏ4 பேப்பர் நீளம் 11.7 அங்குலம். 10 அங்குல எழுத்தின் உடம்பு ஒரு பேப்பரில் அடங்கும், விசிறி சுழிக்கு இன்னொரு பேப்பரை ஒட்டிக்கொள். கடைப் பெயரில் முதல் மூன்று எழுத்து போதும். பிரிண்ட் கொடுக்கும்போது "பேஜுக்கு ஏற்றபடி" என்ற தேர்வை எடுத்துவிடச் சொல், இல்லாவிட்டால் அது தானாகச் சின்னதாக்கிவிடும். வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்து பார். பிறகு இரண்டையும் ஷட்டருக்கு மேலே ஒட்டிவிட்டு, அவரை டீக்கடைக்குக் கூட்டிப்போ. நீ ஒன்றும் பேசாதே. "படிங்கண்ணே" என்று மட்டும் சொல்.

பெரம்பூர் பிளான்:

நான் வீட்டு பிளான் போடறவ. தம்பி கதை அப்படியே என் கதை. போன மாசம் ஒரு அம்மா பிளான்ல பெட்ரூம் 10க்கு 10 பார்த்து "போதும்"னு தலையாட்டினாங்க. அவங்களுக்குப் புரியலைன்னு எனக்கு உள்ளே தெரிஞ்சது. மனையிலேயே சுண்ணாம்புப் பொடியால கோடு போட்டு, 6க்கு 6½ கட்டிலையும் கோடா போட்டேன். நடுவுல நின்னு "பீரோ கதவு திறந்தா நான் எங்க நிப்பேன்?"னு கேட்டாங்க. அந்தக் கேள்வி பேப்பர்ல ஒருநாளும் வந்திருக்காது.

இன்னொண்ணு. "பிடிச்சிருக்கா?"ன்னு கேக்காதீங்க. பெரியவங்க மரியாதைக்கு "நல்லா கீது"ன்னு சொல்லிட்டு அப்புறம் வேற ஆளை அனுப்புவாங்க. உங்களுக்கு மருமகன் வந்த மாதிரி. "எது உறுத்துது?"ன்னு கேளுங்க.

சதுர வட்டம்:

காசிமேட்டில் அவரைத் தெரியாதவன் யாரு? போர்டைப் படிச்சா வர்றாங்க? அவர் ஆசைப்பட்டதைப் போட்டுக் கொடுத்துட்டுப் போ.

பழைய பிரஷ்:

அதையும் அவரிடமே கேட்கலாம், "யார் படிக்கணும்ணே?" என்று. தெரிந்தவர்களுக்கு மட்டும் என்றால் நீ சொல்வது சரி, எட்டு வரியும் போகட்டும். எண்ணூரிலிருந்தோ பழவேற்காட்டிலிருந்தோ புதிதாக பைக்கில் வருபவன் என்றால் கதை வேறு. 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 27 அடி ஓடும். 10 அங்குல எழுத்தை 100 அடியிலிருந்தே படிக்கலாம், அவனுக்கு மூன்றரை நொடி கிடைக்கும். 2 அங்குல எழுத்துக்கு ஒரு நொடிகூடக் கிடைக்காது.

தொண்டியார்பேட்டை பொடியன்:

ஞாயிறு போய்விட்டு வந்தேன். அப்படியே எழுதுகிறேன்.

முதலில் எதையும் காட்டவில்லை. "புதுசா வர்ற ஆளு யாருண்ணே, எப்படி வருவாரு?" என்று கேட்டேன். பழவேற்காட்டு ஆட்கள் வண்டியில் வந்து, கடை தெரியாமல் தாண்டிப் போய்விட்டு போன் செய்வார்களாம். அவர் வாயாலேயே வந்தது. பிறகு பேப்பரை ஒட்டினேன். டீக்கடையில் நின்று என் துண்டைப் படித்தார். மருமகன் துண்டில் "நைலான்" மட்டும் தெரிகிறது, மற்றது "கோடு கோடா கீது" என்றார். மருமகனே நாலு அடி முன்னால் போய் நின்று பார்த்தார். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சரக்கு விவரம் எல்லாம் ஷட்டர் பக்கத்துச் சுவரில் தனி பலகையாக, கடைக்கு வந்தவர் படிக்கும் உயரத்தில் போகிறது. போன் நம்பர் ஒன்று மட்டும். மேலே தமிழ் 10 அங்குலம், ஆங்கிலம் 6. இங்கே மருமகன், ஆங்கிலத்தையும் தமிழ் அளவுக்கு வைக்கலாமே என்றார். கடைப் பலகையில் தமிழ் முதலில், ஆங்கிலத்தோடு 5க்கு 3 என்ற அளவில் இருக்க வேண்டும் என்று அரசு விதியே இருக்கிறது என்றேன், ஒத்துக்கொண்டார்.

அக்கா சொன்னபடி "எது உறுத்துதுண்ணே?" என்று கேட்டதில் ஒன்று வெளியே வந்தது. கறுப்பு சிவப்பு அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "கட்சி ஆபீஸ் மாதிரி கீது தம்பி, எங்கிட்ட எல்லாக் கட்சிக்காரனும் வலை வாங்குறான்." போன வாரம் நான் கான்ட்ராஸ்ட் என்று பேசியபோது அவர் மனதில் ஓடியது இதுதான். கருநீலத்தில் வெள்ளை எழுத்து என்று மாற்றிவிட்டேன், தூரத்தில் அதுவும் நன்றாகவே தெரிகிறது.

அப்பா போட்டோதான் முடியவில்லை. வைத்தால் பெயருக்கு இரண்டரை அடி அகலம் குறையும், எழுத்தும் 10லிருந்து 8 அங்குலத்துக்கு இறங்கும் என்று காட்டினேன். "அவர் இல்லாம இந்தக் கடை ஏது?" என்றார். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

சதுர வட்டம்:

கடைக்குள்ளே கல்லாவுக்கு மேலே பெரிய படமா மாட்டச் சொல்லு.

பெரம்பூர் பிளான்:

அது டிசைன் விஷயமே இல்லை. அவர் கேக்கிறது அப்பாவுக்கு மரியாதை. 8 அங்குலம்னாலும் 80 அடிக்குத் தெரியுமே, விட்டுக் கொடுங்க தம்பி.

பழைய பிரஷ்:

நான் வைக்க வேண்டாம் என்பேன், ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன். அவரிடம் இருப்பது எந்தப் போட்டோ?

தொண்டியார்பேட்டை பொடியன்:

பாஸ்போர்ட் சைஸ் ஒன்றுதான் அண்ணா, பழையது. ஓரம் மடிந்திருக்கிறது.

பழைய பிரஷ்:

அதை நல்ல ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்து எடு. 4½ சென்டிமீட்டர் உயரப் படத்துக்கு ஆயிரம் புள்ளிக்கு மேல் கிடைக்கும். அதை 18 அங்குலமாக்கினால் அங்குலத்துக்கு 60 புள்ளி வரை நிற்கும், தூரத்திலிருந்து பார்க்கும் போர்டுக்கு அது போதும். பயம் புள்ளியில் இல்லை. மடிப்பும் கீறலும் பத்து மடங்கு பெரிதாகிவிடும், முகம் மாறிப்போகலாம். அதனால் முகத்தை மட்டும் நிஜ அளவில் ஒரு பிரிண்ட் எடுத்து, அதே இடத்தில் ஒட்டி, அவரை அதே டீக்கடையில் நிற்க வை. அவர் அப்பா முகம் அவருக்குச் சரியாகத் தெரிந்தால் வைத்துவிடு.

தொண்டியார்பேட்டை பொடியன்:

நாளைக் காலை போட்டோவை வாங்கி வருகிறேன். மடிப்பு மூக்குக்கு மேலே போகிறது, அதை எவ்வளவு தொடலாம் என்று தெரியவில்லை. தொடும் முன் அவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.